கிளம்பும்போது எழுதிய மெயிலின் முதல் இரண்டு வரி

மூன்று வருடம் முன்னால் ஒரு புதன்கிழமை சாயங்காலம், எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஊழியர் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எனக்குப் போன் செய்தார். எடுத்ததும், "ஏம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார், குரலில் பதற்றம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் தெரிந்தது, வேறு டீமில் இருந்த ஒரு பையன் வேலையை விட்டுப் போகிறான், எல்லோருக்கும் மெயில் போட்டிருக்கிறான், சப்ஜெக்ட் வரியில் இருந்தது 'வித் எ ஹெவி ஹார்ட்', கனத்த இதயத்தோடு. எங்கள் நிறுவனத்தில் யாராவது இறந்துபோனால் ஹெச்.ஆர். அனுப்பும் மெயிலும் அதே சொற்களோடுதான் வரும். அக்கா போனில் அந்த ஒரு வரியைப் பார்த்திருக்கிறார், பஸ் வந்துவிட்டது, உள்ளே திறக்க நேரமில்லை, நடுவில் இருபது நிமிடம் யார் யாரையோ நினைத்துப் பயந்திருக்கிறார்.

அந்தப் பையன் மீது தப்பே இல்லை. ஐந்து வருடம் வேலை செய்த இடம், அவனுக்கு உண்மையிலேயே மனது கனத்திருக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்கு அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. என் முறை வந்து, மார்ச் மாதக் கடைசியில் நான் கிளம்பியபோது, அக்காவின் அந்தக் குரல்தான் காதில் இருந்தது.

நான் சம்பளப் பிரிவில் இருந்தேன். பேரோல் டெஸ்க் என்று சொல்வோம். சென்னை, மதுரை, கோவை மூன்று இடத்திலும் சேர்த்து நானூறு பேருக்குச் சம்பளம், வரிப் பிடித்தம், பி.எஃப். எல்லாம் எங்கள் கையில். அந்த நானூறு பேரில் முகம் தெரிந்தவர்கள் அறுபது எழுபது பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு என் பெயர் ஒரு மெயிலில் வரும் பெயர், அவ்வளவுதான். ஆக, என் சிக்கல் இது: என் விடைபெறும் மெயிலை என்னை நன்றாகத் தெரிந்தவரும் திறக்க வேண்டும், முகமே தெரியாதவரும் திறக்க வேண்டும், ஏனென்றால் ஜூனில் வரிப் பிடித்தச் சான்றிதழான ஃபார்ம் 16 வரும்போது யாரிடம் கேட்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் யாருக்கும் வயிற்றைக் கலக்கக் கூடாது.

சப்ஜெக்ட் வரியில் முதலில் எழுதியது 'லாஸ்ட் வொர்க்கிங் டே'. இதை எழுதாதவர் யார்? அந்த வெள்ளிக்கிழமை எங்கள் நிறுவனத்திலேயே மூன்று பேருக்குக் கடைசி நாள், மூன்று பேரும் இதையே போட்டால் இன்பாக்ஸில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே மாதிரி மூன்று வரி நிற்கும். அதில் தப்பு இல்லை, பயமுறுத்தவும் இல்லை, ஆனால் திறக்கவும் வைக்காது. படிக்கிறவருக்கு விஷயம் அந்த மூன்று சொல்லிலேயே முடிந்துவிடுகிறது.

அடித்துவிட்டு, 'ஒரு பயணத்தின் முடிவு' என்ற அர்த்தம் வரும்படி ஒன்று எழுதினேன். (இவற்றை எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், எங்கள் மெயில் எல்லாமே ஆங்கிலம், இங்கே தமிழில் சொல்கிறேன்.) எழுதும்போது கண்ணில் நீர் வந்தது, உண்மையாகவே. மறுநாள் காலை பார்த்தால், அந்த வரியை யார் வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம் என்று தோன்றியது. பயணம், அத்தியாயம், முற்றுப்புள்ளி, இந்த மாதிரிச் சொற்களில் எழுதுபவரின் உணர்ச்சி இருக்கிறது, எழுதுபவர் இல்லை. போதாக்குறைக்குக் கடைசியில் மூன்று புள்ளி வேறு வைத்திருந்தேன். சப்ஜெக்ட் வரியில் அந்த மூன்று புள்ளியைப் பார்த்தால் படிக்கிறவர் மனம் கெட்டதைத்தான் முதலில் நினைக்கும்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு வகை உண்டு. 'ஒரு சின்ன விஷயம்' என்றோ 'உங்கள் உதவி தேவை' என்றோ போட்டுத் திறக்க வைப்பது. திறப்பார்கள், சந்தேகமே இல்லை. திறந்ததும் ஏமாந்த மாதிரி இருக்கும், நாம் கிளம்பும் நாளில் ஒருவருக்கு அப்படி ஒரு உணர்வைக் கொடுத்துவிட்டுப் போவானேன்? இதை நான் யோசிக்கவே இல்லை.

எனக்கு வழி காட்டியது போன்தான். என் போனை எடுத்து இன்பாக்ஸை சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே தடித்த எழுத்தில் அனுப்பியவர் பெயர், அதன் கீழே சப்ஜெக்ட், அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் மெயிலின் ஆரம்பம் ஒன்றிரண்டு வரி. இதைத் தினமும் பார்க்கிறோம், ஆனால் எழுத உட்காரும்போது மறந்துவிடுகிறோம். மூன்றும் ஒரே பார்வையில் படிக்கப்படுகின்றன. பெயர் ஏற்கெனவே மேலே இருக்கிறது, அதனால் சப்ஜெக்ட்டில் என் பெயரைப் போடுவது இடத்தை வீணாக்குவது. சப்ஜெக்ட் என் போனில் ஏறக்குறைய 40 எழுத்தோடு வெட்டுப்பட்டது, அதனால் முக்கியமான சொல் முன்னாலேயே வந்துவிட வேண்டும். அப்புறம் அந்தச் சாம்பல் வரி. வந்திருந்த பழைய விடைபெறும் மெயில்களைத் தேடிப் பார்த்தேன், பெரும்பாலானவற்றில் அந்த இடத்தில் இருந்தது 'அனைவருக்கும் வணக்கம், நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்'. இல்லையென்றால் சப்ஜெக்ட்டில் சொன்னதையே மறுபடியும், 'உங்களுக்குத் தெரிந்திருக்கும், இன்று எனது கடைசி நாள்'. இருக்கிற நல்ல இடம் அதுதான், அதை இப்படிச் செலவழித்துவிடுகிறார்கள்.

சரி, அப்போது பிரித்துக்கொண்டேன். சப்ஜெக்ட் செய்தியைச் சொல்லட்டும், முதல் வாக்கியம் நான் யார் என்பதைச் சொல்லட்டும். இரண்டும் ஒன்றையே சொல்லக் கூடாது.

சப்ஜெக்ட் இப்படி ஆனது: 'பேரோல் டெஸ்க்: 28 மார்ச்சோடு விடைபெறுகிறேன்'. ஆங்கிலத்தில் 40-க்குள் அடங்கியது. பேரோல் டெஸ்க் என்று முதலில் வைத்தது வேண்டுமென்றே செய்தது. சம்பளம் சம்பந்தமான மெயில் என்றால் யாருமே தாண்டிப் போக மாட்டார்கள், அதே நேரத்தில் அது ஏமாற்று இல்லை, நான் அங்கேதான் இருந்தேன், உள்ளே சம்பளக் கேள்விக்கு இனி யார் என்ற விஷயமும் இருந்தது. தேதி போட்டதற்கும் காரணம் உண்டு. முதலில் 'இன்று' என்று இருந்தது. எங்களிடம் நைட் ஷிஃப்ட் ஆட்கள் இருக்கிறார்கள், லீவில் போனவர்கள் திங்கட்கிழமைதான் பார்ப்பார்கள், அவர்களுக்கு 'இன்று' என்ற சொல் பொய்யாகிவிடும். தேதி எப்போது படித்தாலும் தேதிதான்.

முதல் வாக்கியத்துக்குத்தான் இரண்டு நாள் ஆனது. எதிரில் இருக்கும் முகம் தெரியாத அத்தனை பேரும் என்னை எந்த வேலையால் அறிவார்கள் என்று யோசித்தேன். பதில் உடனே வந்தது, வாடகை ரசீது. ஒவ்வொரு ஜனவரியும் வீட்டு வாடகைக்கு வரிக் கழிவு கேட்பவர்களிடம் ரசீது வாங்க வேண்டும், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும். உரிமையாளர் கொடுக்க மாட்டார், இவர்களுக்குக் கேட்கச் சங்கடம், நான் திரும்பத் திரும்ப எழுதுவேன், அது வரவில்லை என்றால் மார்ச் சம்பளத்தில் வரி மொத்தமாகப் பிடிபட்டுவிடும், அந்த மாதம் அவர்கள் வீட்டில் கஷ்டம். அதனால்தான் விடாமல் எழுதினேன். ஆக, மெயில் இப்படி ஆரம்பித்தது:

'ஜனவரிதோறும் வாடகை ரசீதும் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் கேட்டு உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தது நான்தான்.'

அதற்கு முன்னால் வணக்கம்கூடப் போடவில்லை, வணக்கமும் நன்றியும் அடுத்த பத்தியில் வந்தன. அந்தப் பத்தியிலேயே ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள் வந்துவிடும், அதற்கும் மற்றக் கேள்விகளுக்கும் இனி இவர் என்று எனக்குப் பின் வந்தவரின் பெயரும் எக்ஸ்டென்ஷன் எண்ணும்.

இப்படி எழுதியதை அக்காவிடம் காட்டினேன், ஆனால் திறந்து காட்டவில்லை. அவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, "அக்கா, போனை எடுத்து லிஸ்ட்ல பாருங்க, உள்ள போகாதீங்க, என்ன விஷயம்னு சொல்லுங்க" என்றேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "நீ கிளம்புற, அந்த ரசீது வேலைய வேற யாரோ பாக்கப்போறாங்க, யாருன்னு உள்ள இருக்கும்" என்றார். எனக்கு அது போதும்.

காரணத்தை முதல் வரியில் எழுதுவதா என்று ஒரு தயக்கம் இருந்தது. எனக்குக் காரணம் எளிமையானது, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போகிறேன். ஆனாலும் உள்ளே தள்ளிவிட்டேன், முன்னால் வைத்தால் படிக்கிறவர் முதலில் பரிதாபப்பட வேண்டியிருக்கும். மனஸ்தாபத்தில் கிளம்புகிறவருக்கு இது இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆட்குறைப்பு நடக்கும் மாதத்தில் சாதாரணமாக 'நன்றி' என்று எழுதினால்கூட அதில் ஏதோ இருக்கிறதா என்று தேடுவார்கள், அப்போது வேலையும் தேதியும் மட்டுமே இருக்கும் வரிதான் அனுப்புகிறவருக்கும் பாதுகாப்பு.

நெருக்கமான பதினான்கு பேருக்குத் தனியாக இன்னொரு மெயில் எழுதினேன். அதன் சப்ஜெக்ட்டில் செய்தி எதுவும் தேவைப்படவில்லை, அவர்களுக்கு நான் கிளம்புவது இரண்டு மாதமாகத் தெரியும். 'மூன்றாம் மாடி டீ மிஷின் கோஷ்டிக்கு' என்று போட்டேன். இந்த வரியை நானூறு பேருக்கு அனுப்பியிருந்தால் ஒருவருக்கும் புரிந்திருக்காது. இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே மெயில் எழுதப் போகும்போதுதான் நாம் பயணம், அத்தியாயம் என்று எல்லோருக்கும் பொதுவான சொல்லைத் தேட ஆரம்பிக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது.

28-ஆம் தேதி காலை பதினோரு மணிக்குப் பொது மெயிலை அனுப்பினேன். எல்லா முகவரியும் பி.சி.சி.யில், இல்லாவிட்டால் யாராவது எல்லோருக்கும் பதில் போட்டு நானூறு பெட்டியும் நிறைந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு என் கணக்கை ஐ.டி. மூடிவிடும் என்று சொல்லியிருந்தார்கள், பலர் ஐந்தரைக்கு அனுப்பிவிட்டு வரும் பதிலைப் படிக்காமலே போவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் காலையில்.

பதில்கள் மத்தியானத்துக்கு மேல் வர ஆரம்பித்தன. மதுரையிலிருந்து, நான் ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒருவர் எழுதியிருந்தார்: "மேடம், போன வருடம் ஹவுஸ் ஓனரிடம் பான் நம்பர் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நீங்கள் மூன்றாவது மெயில் அனுப்பிய அன்றுதான் போய்க் கேட்டேன், கொடுத்துவிட்டார். அந்தப் பிடித்தம் இல்லாததால் பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ் ஏப்ரலில் கட்ட முடிந்தது. புது ஆளின் நம்பரைக் குறித்துக்கொண்டேன்." ஐந்து ஐம்பதுக்கு அவருக்குப் பதில் எழுதிவிட்டு லேப்டாப்பை மூடி, ஐ.டி. கவுன்டரில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.