சமையல் அனுபவத்துக்குச் சான்றிதழ்: சிட்னியில் நான் ஆர்.பி.எல். முடித்தது

சிட்னியில் பத்து வருஷத்துக்கு மேலாக உணவகங்களில் சமைக்கிறேன். தொழில் கற்றது மதுரையில் மாமாவின் மெஸ்ஸில். கேட்டரிங் கல்லூரிப் பக்கம் போனதில்லை. பிள்ளைகள் வளர்ந்ததும், ராத்திரி வேலை இல்லாத இடமாக மாறலாம் என்று மருத்துவமனை, முதியோர் இல்லச் சமையலறைகளுக்கு விண்ணப்பித்தேன். நான் போட்ட இடங்களில் எல்லாம் கமர்ஷியல் குக்கரியில் செர்டிஃபிகேட் 3 கேட்டார்கள். அதைப் படித்து வாங்கலாம். அனுபவம் இருந்தால் மதிப்பீடு மூலமாகவும் வாங்கலாம். இரண்டாவது வழிக்குத்தான் ஆர்.பி.எல். என்று பெயர், முன்கற்றல் அங்கீகாரம்.

முதலில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது. "சம்பளச் சீட்டு அனுப்புங்கள், ஒரே வாரத்தில் சான்றிதழ்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னார். நான் சமைப்பதை யாரும் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்குத் தேவையில்லை என்றார். அங்கேயே விலகிவிட்டேன். உரிய மதிப்பீடு இல்லாமல் நிறுவனங்கள் கொடுத்த சான்றிதழ்களை ஆஸ்திரேலியத் தொழிற்கல்விக் கண்காணிப்பு அமைப்பு 2024 கடைசியில் ஆயிரக்கணக்கில் ரத்து செய்தது. முதியோர் பராமரிப்பு, குழந்தைப் பராமரிப்பு போன்ற துறைகளில் வேலையில் இருந்தவர்களின் காகிதமே ஒரே நாளில் செல்லாமல் போனது. பணம் கட்டுவதற்கு முன் training.gov.au தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, அதன் பதிவு நடப்பில் இருக்கிறதா, நமக்கு வேண்டிய படிப்பை வழங்க அதற்கு அனுமதி உண்டா என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

எத்தனை வருஷம் சமைத்தீர்கள் என்பதற்காகச் சான்றிதழ் தருவதில்லை. இது பலருக்குப் புரிவதில்லை. அந்தப் படிப்பில் 25 அலகுகள் இருக்கின்றன. ஒவ்வோர் அலகிலும் என்ன செய்யத் தெரிய வேண்டும், அதை எத்தனை தடவை செய்து காட்டியிருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அதற்கு நேராக நம் ஆதாரத்தை வைக்க வேண்டும். ஆதாரம் நம்முடையதுதானா, போதுமான அளவு இருக்கிறதா, சமீபத்தியதா என்று மதிப்பீட்டாளர் பார்ப்பார். பழைய மெஸ் அனுபவம் எனக்குப் பெரிது. ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது கடந்த சில வருஷங்களில் நான் செய்த வேலை.

இருப்பதிலேயே கனமானது, சமையற்காரராகத் திறம்பட வேலை செய்வது என்ற அலகு. அதற்கு 48 முழு சர்வீஸ் காட்ட வேண்டும்: காலை, மதியம், இரவு என்று எல்லா வேளையும், விசேஷ விருந்தும் அதில் வர வேண்டும். நான் மதியமும் இரவும்தான் பார்த்திருந்தேன். காலை வேளைக்கு, ஞாயிறு டிபன் போடும் இன்னொரு உணவகத்தில் கேட்டுச் சில வாரம் வேலை செய்து, முதலாளியிடம் லாக்புக்கில் கையெழுத்து வாங்கினேன். விருந்துக்கு, நாங்கள் சமைத்த ஒரு திருமண வரவேற்பின் மெனுவும் ஆர்டர் தாளும் உதவின.

சிக்கல் பழைய வேலைகளில் வந்தது. முன்பு நான் இருந்த ஓர் உணவகம் மூடியே விட்டது. இன்னொன்றில் கடிதம் கேட்டபோது, கையெழுத்துப் போட்டால் வம்பு வருமோ என்று பயந்து மறுத்துவிட்டார்கள். அப்போது கை கொடுத்தவை ஓய்வூதிய நிதிக் கணக்கின் அறிக்கையும் வரி அலுவலகத்தின் வருமான விவரமும். எந்த முதலாளி எந்தக் காலத்தில் பணம் கட்டினார் என்று அவற்றில் தெளிவாக இருக்கும். நான் என்னென்ன சமைத்தேன் என்பதை அவை சொல்லாது. அதற்கு என்னோடு வேலை பார்த்த தலைமைச் சமையற்காரர் ஒருவர், மருந்துக்கடை ஃபார்மசிஸ்ட் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இப்போது இருக்கும் இடத்தில் வாங்கிய கடிதத்தையும் ஒரு முறை திருத்தி வாங்க வேண்டியிருந்தது. "நல்ல உழைப்பாளி" என்று பாராட்டி எழுதினால் அது எந்த அலகுக்கும் பொருந்தாது. எந்த அடுப்பு, எந்த உணவு வகை, எத்தனை பேருக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று இருக்க வேண்டும்.

அப்புறம் மதிப்பீட்டாளர் சனிக்கிழமை மதிய சர்வீஸுக்கு நேரிலேயே வந்தார். ஓரமாக நின்று பார்த்தார், நடுநடுவே கேள்வி. தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதென்று எப்படித் தெரியும் என்றார். ஐஸ் தண்ணீரில் விட்டு 0 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்தேன். சர்வீஸ் முடிந்ததும் பானையில் மிஞ்சிய சாதத்தைக் காட்டி, "இதை என்ன செய்வீர்கள்?" என்றார். அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பினேன். வெந்த உணவு 60 டிகிரியிலிருந்து 21க்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5க்கு வந்துவிட வேண்டும். பானையோடு ஃபிரிட்ஜில் வைத்தால் நடுச்சாதம் வெகுநேரம் சூடாகவே கிடக்கும். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை; அந்த இளஞ்சூட்டில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பரப்பி ஆறவைப்பது எனக்குப் பழக்கம்தான். காரணத்தையும் என் வாயால் கேட்டுவிட்டுத்தான் குறித்துக்கொண்டார்.

நான் தடுமாறிய இடம் வேறு. சாஸ், ஸ்டாக், சூப் அலகு. கிரேவிக்கு வெங்காயம், முந்திரி, தேங்காய் என்று அடித்தளம் போட எனக்குத் தெரியும். மாவையும் வெண்ணெயையும் வறுத்து ரூ செய்து, பால் ஊற்றிப் பெஷமெல் காய்ச்சியதில்லை. முட்டை மஞ்சள்கருவில் உருக்கிய வெண்ணெயைச் சேர்த்து அடிக்கும் ஹாலண்டேஸ் சாஸைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. காய் நறுக்குவதிலும் அப்படித்தான். வெங்காயத்தை ஒரே அளவில் வேகமாகப் பொடியாக அரிவேன். ஜூலியன், ப்ரூன்வாஸ், மசெத்வான் என்று பெயர் சொல்லி அளவோடு கேட்டால் கை நின்றுவிடும். கேக், பேஸ்ட்ரி அலகும் அப்படியே. இந்த அலகுகளில் "இன்னும் தகுதி பெறவில்லை" என்று முடிவு வந்தது. அதோடு கதை முடிந்துவிடாது. விடுபட்ட அலகுகளை மட்டும் வகுப்பில் படித்து மறுபடி மதிப்பீட்டுக்குப் போகலாம். அங்கேயே நிறுத்திவிட நினைப்பவர்களுக்குத் தேறிய அலகுகளுக்கு மட்டும் தனிச் சான்று கிடைக்கும்.

நான் வாரம் ஒரு மாலை வகுப்புக்குப் போனேன். ஹாலண்டேஸ் பலமுறை திரிந்தது. சூடு கூடினால் முட்டை கட்டிதட்டும். வெண்ணெயை அவசரமாக ஊற்றினால் எண்ணெய் தனியே பிரியும். திரிந்ததை எடுத்துப் புது மஞ்சள்கருவில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அடித்தால் மீண்டும் சேர்ந்துவிடும் என்று ஆசிரியை காட்டிக் கொடுத்தார். அது கைவந்த பிறகு மற்ற சாஸ்கள் சுலபமாகிவிட்டன. உண்மையில் அதிகம் கஷ்டப்படுத்தியது ரெசிபி கார்டு. எங்கள் சாம்பாரை கிராம் கணக்கில் எழுதச் சொன்னார்கள். கைப்பிடி கணக்கில் போட்டுப் பழகிய எனக்கு ஒவ்வொன்றையும் தராசில் வைத்துத்தான் எழுத முடிந்தது. வாங்குவது 10 கிலோ வெங்காயம், உரித்தால் 9 கிலோ. கிலோ 2 டாலருக்கு வாங்கினால், சட்டியில் விழும் வெங்காயம் கிலோ சுமார் 2 டாலர் 22 சென்ட் ஆகிறது. கார்டில் அந்த விலையைத்தான் போட வேண்டும்.

விடுபட்டவற்றை முடித்ததும் 25 அலகுக்கும் சேர்த்து முழுச் சான்றிதழ் வந்தது. இப்போது ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் பகல் ஷிஃப்ட்டில் இருக்கிறேன்.

சமையலறையில் இருப்பவர்கள் ஆர்.பி.எல். எண்ணம் வந்த பிறகு ஆதாரம் தேட வேண்டாம். ரோஸ்டரை மாதாமாதம் போனில் படம் எடுத்து வையுங்கள். வேலையை விட்டு வரும் அன்றே தேதியும் செய்த வேலையும் போட்டுக் கடிதம் வாங்கிவிடுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது பத்து நிமிஷ வேலை அது; கடை மூடிய பிறகு அந்தக் கடிதத்தைக் கேட்க ஆள் இருக்காது.