பருப்பில் கூடிய உப்பு

1984ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மாஸ்கோவின் பத்ரீஸ் லுமும்பா பல்கலைக்கழகத்தில் ஆயத்த ஆண்டு வகுப்புக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வாரங்களில் ரஷ்ய மொழியில் எனக்குச் சரளமாக வாசிக்க வந்தவை மெட்ரோ நிலையத்தின் மூன்று பலகைகள்தாம். உள்ளே போகும் கதவில் 'வ்ஹோத்', வெளியேறும் கதவில் 'விஹோத்', ஒக்தியாப்ர்ஸ்காயா நிலையத்தில் வட்டப் பாதை ரயிலுக்கு மாறும் வழியில் 'பெரெஹோத்'. மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்திருந்தேன்.

எங்கள் ஆசிரியை அந்த மூன்றையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முன்பகுதிகளைக் கையால் மறைத்தார். மிஞ்சியது 'ஹோத்': நடை, போக்கு. 'வ்' என்றால் உள்ளே, 'வி' என்றால் வெளியே, 'பெரெ' என்றால் ஒன்றைக் கடந்து மற்றொன்றுக்கு. தமிழில் நாம் எல்லாவற்றையும் சொல்லின் பின்னால்தான் ஒட்டுகிறோம். அநீதி, துர்க்குணம் போன்ற வடமொழிச் சொற்களில்தான் முன்னொட்டைப் பார்த்திருக்கிறோம். அதனால் ரஷ்யச் சொல்லின் வால் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது; தலையைக் கவனிக்கத்தான் பழக வேண்டியிருந்தது.

பழகிய வேகத்தில் ஒருநாள் விடுதிச் சமையலறையில் பருப்பு காய்ச்சினேன். என் ரஷ்ய அறைத்தோழன் ஒரு கரண்டி வாயில் வைத்து, முகத்தைச் சுளித்து, "பெரெசொலீல்!" என்றான். 'சோல்' என்றால் உப்பு என்பது தெரியும். 'பெரெ'யும் தெரியும். உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்கிறான் என்று நினைத்து உப்புப் போத்தலை அவனிடம் நீட்டினேன். அவன் பதறிப் போய்த் தட்டைக் கையால் மூடினான். 'பெரெ' இடத்தை மட்டும் கடப்பதில்லை, அளவையும் கடக்கும். நான் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறான். உப்புக் குறைந்திருந்தால் 'நெதொசொலீல்' என்றிருப்பான். 'நெதொ' என்பது எட்டவேண்டிய அளவை எட்டாமல் நிற்பது. ஒரு முன்னொட்டுக்கு ஒரே பொருள்தான் என்று நம்பியிருந்த நான் அன்று முதல் குறிப்பேட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, புதிய பொருள் கிடைக்கும்போதெல்லாம் எழுதி வைத்தேன்.

வேரிலும் ஏமாந்திருக்கிறேன். பஸ்ஸில் 'வொதீத்தெல்' என்ற சொல்லைக் கண்டேன். 'வொதா' தண்ணீர், 'தெல்' என்ற பின்னொட்டு செய்பவரைக் குறிக்கும். ஆகவே தண்ணீர்க்காரர் என்று முடிவு கட்டினேன். ஆசிரியை அந்தச் சொல்லின் நடுவில் இருந்த 'ஈ'யைச் சுட்டிக்காட்டினார். 'தெல்' வினைச்சொல்லின் மீதுதான் ஏறும். உச்சீத் என்ற கற்பித்தலிலிருந்து உச்சீத்தெல், ஆசிரியர். அந்த 'ஈ' இருந்தால் பின்னால் ஒரு வினை இருக்கிறது என்று அர்த்தம். இங்கே அது 'வொதீத்', நடத்திச் செல்லுதல். வண்டியை நடத்திச் செல்பவர் ஓட்டுநர். தண்ணீர் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து ஆள் பிறந்தால் அவர் 'வோத்னிக்', நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளி. 'தெல்' வந்தால் வினையைத் தேடு, 'னிக்' வந்தால் முதலில் பெயரைத் தேடு என்ற அந்தப் பாடம் எனக்கு அகராதியைவிட அதிகம் உதவியது.

பனிக்காலத்தில் ஒருநாள் பல்வலி தாங்கவில்லை. மருந்துக்கடைக்குப் போனேன், வலிக்கு மருந்து கேட்க வாயில் சொல் வரவில்லை. கண்ணாடிப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் இருந்தது: 'ஒபெஸ்பொலிவாயுஷியெ'. நின்று இரண்டு முனைகளிலிருந்தும் உரித்தேன். கடைசி 'இயெ' பன்மை. அதற்கு முன் 'யுஷ்', நம் 'செய்கின்ற' போல எச்சம். 'இவா', வினையைத் தொடர வைப்பது. தலையில் 'ஒபெஸ்', அதற்குள் 'பெஸ்'. சீனி இல்லாத தேநீருக்கு 'பெஸ் சாஹரா' என்று தினமும் கேட்கிறோமே, அந்த 'இல்லாமல்'. நடுவில் மிஞ்சியது 'பொல்': வைத்தியசாலையாகிய பொல்னீத்ஸாவிலும், நோயாளியாகிய பொல்னோயிலும் இருக்கும் அதே வலி. வலியை இல்லாமல் ஆக்குகின்றவை! விரலை நீட்டிச் சொல்லை உரக்க வாசித்தேன். கடைக்காரப் பெண்மணி எங்கே வலி என்று கேட்டு, சரிபார்த்துவிட்டு அனல்கீன் மாத்திரை கொடுத்தார்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். ஆசிரியை முகமெல்லாம் மலர்ந்து, உடனே பலகையில் இன்னொன்றை எழுதினார்: 'ஒபெஸ்வோஜிவானியெ'. வால் 'னியெ', செயலின் பெயர். வேரில் 'த்' திரிந்து 'ஜ்' ஆகியிருக்கிறது. ரஷ்ய மொழியில் இது அடிக்கடி நடக்கும். அப்படியானால் வேர் 'வொத்'. நடத்துதலா, தண்ணீரா என்று கேட்டார். 'ஒபெஸ்' ஒரு பொருளைத்தான் பறிக்கும், ஆகவே பெயர்ச்சொல் வேண்டும் என்று யோசித்து, இம்முறை தண்ணீர்தான் என்றேன். உடலில் நீர் வற்றிப்போதல்.

"சரி," என்றார்.