மண் குடித்தது போக மிச்சம்

"கணக்கைச் சொல்றீங்களா, இல்ல பயத்தைச் சொல்றீங்களா?"

பெய்த மழையை வைத்து ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று சொல்வது என் வேலை. ஒரு தெருவைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னதற்கு மேலதிகாரி போனில் கேட்டது இவ்வளவுதான். இரவு பதினொன்றரை இருக்கும். "கணக்கைத்தான் சார் சொல்றேன்" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையும் அதுதானா என்று அடுத்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆற்றின் பெயர் வேண்டாம். ஊத்தங்கரைப் பக்கம் தென்பெண்ணையில் சேரும் சின்ன ஆறு. நாங்கள் பார்த்த இடத்துக்கு மேலே நீர்ப்பிடிப்பு சுமார் 200 சதுர கிலோமீட்டர். அதற்குள் மூன்று தானியங்கி மழைமானிகள். நடுவில் ஒரு பாலத்தில் அளவுகோல், அதைப் படிக்க ஒரு ஆள். அங்கிருந்து தண்ணீர் கீழே தரைப்பாலத்துக்கு வர இரண்டரை மணி நேரம் ஆகும். தரைப்பாலத்தை ஒட்டித் தாழ்வான ஒரு தெரு. ஆற்றில் வினாடிக்கு 10,000 கன அடியைத் தாண்டினால் அந்தத் தெருவுக்குள் தண்ணீர் வரும்.

அன்று மழை இரண்டு தவணையாகப் பெய்தது. எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் அடித்து ஓய்ந்தது. பத்து மணிக்கு மேல் மறுபடி பிடித்தது. பதினொன்றரைக்கு மழை தணியத் தொடங்கியபோது, மூன்று மானிகளையும் அவையவை சார்ந்த பரப்புக்கு ஏற்ப எடை போட்டுப் பார்த்தால் சராசரி 8 சென்டிமீட்டர் வந்தது. இதுவரை தகராறு இல்லை. பெய்த 8 செ.மீ.யில் ஆற்றுக்கு எவ்வளவு வரும் என்பதில்தான் தகராறு.

நாங்கள் பயன்படுத்துவது கர்வ் நம்பர் முறை. மண்ணின் வகைக்கும் நிலத்தின் பயன்பாட்டுக்கும் சேர்த்து ஓர் எண். எங்கள் பகுதியின் செம்மண்ணும் மானாவாரிக் காடும் கலந்த நிலத்துக்கு 75 என்று வைத்திருந்தோம். அதன்படி மண் அதிகபட்சமாக 85 மில்லிமீட்டர் வரை பிடித்துவைத்துக்கொள்ளும். முதல் 17 மி.மீ. மழை பள்ளம் மேடு நிரம்பவே போய்விடும், ஆற்றுக்கு ஒன்றும் வராது. இது நடுத்தர ஈரத்துக்கு. மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தால் எண் 87 ஆகிவிடும். அப்போது பிடித்துவைப்பது 38 மி.மீ.தான், முதலில் தொலைவது வெறும் 8.

இதே 8 செ.மீ. மழைக்கு நடுத்தர மண் ஆற்றுக்கு அனுப்புவது 27 மி.மீ., ஊறிய மண் அனுப்புவது 48 மி.மீ. இந்த ஆற்றில் வெள்ளம் ஏறி வடிய மொத்தம் 16 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், உச்ச அளவு முதல் கணக்கில் 6,600 கன அடி, இரண்டாவதில் 11,800. தெரு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

சரி, மண் எப்படி இருக்கிறது? புத்தக வழி, முந்தைய ஐந்து நாள் மழையைக் கூட்டிப் பார்ப்பது. பயிர் நிற்கும் காலத்தில் 53 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஊறிய மண் என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கூட்டுத்தொகை 41. அட்டவணைப்படி நடுத்தரம்தான், 6,600தான், தெரு தூங்கலாம்.

ஆனால் அளவுகோல் பார்ப்பவர் எட்டரைக்கே போன் செய்திருந்தார். நான் 'அண்ணே' என்று கூப்பிடுகிற வயது. "சார், மேல இருக்கிற ஏரி எல்லாம் போன வாரமே கோடி போயிருச்சுங்க. கெணறு எல்லாம் கைக்கு எட்டுது. காட்ல கால வெச்சா பொதையுது" என்றார். போன வாரத்துக்கு முந்தைய வாரம் நல்ல மழை. அது ஐந்து நாள் கணக்கில் வராது. ஐந்து நாளோடு மறந்துவிடுவது அட்டவணையின் பழக்கம். ஏரியும் கிணறும் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. எங்கள் பக்கம் மண் ஆழம் குறைவு, கீழே பாறை. ஒருமுறை நிரம்பினால் வடிய நாளாகும். அதுவும் கார்த்திகையில் வெயில் ஏது?

ஏரி நிரம்பி வழிவதைத்தான் கோடி போவது என்பார்கள். அது தனிக் கதை. காலி ஏரி, மேலே இருந்து வரும் தண்ணீரைத் தன் பங்குக்கு வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் கலங்கல் வழியாக விடும். நிரம்பிய ஏரி வந்ததை வந்தபடி அடுத்த ஏரிக்குத் தள்ளிவிடும். சங்கிலியாக இருக்கும் ஏரிகள் கடைசி ஏரி வரை எல்லாமே கோடி போகின்றன என்றால், அதற்கு மேலே உள்ள நிலம் முழுக்க ஆற்றோடு நேராக இணைந்துவிட்டது என்று பொருள். கர்வ் நம்பருக்கு இது தெரியாது.

இன்னொரு சாட்சியும் இருந்தது. எட்டு மணி மழை 2.5 செ.மீ.தான். நடுத்தர மண்ணாக இருந்தால் அதிலிருந்து ஆற்றுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வந்திருக்காது. ஊறிய மண்ணாக இருந்தால் 6 மி.மீ. அளவுக்கு வரும். முதல் சின்ன மழைக்கு ஆறு என்ன செய்கிறது என்று பார்ப்பதைவிட மண்ணைத் தெரிந்துகொள்ள நல்ல வழி எனக்குத் தெரியாது. பத்தரைக்கு அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார்: "ஒரு ஜாண் ஏறியிருக்குங்க."

இதை வைத்துத்தான் நான் 11,800 பக்கம் சாய்ந்தேன். ஆனால் ஒரு ஜாண் ஏறியதற்கு வேறு காரணமும் இருக்கலாம். முதல் மழை பாலத்துக்குப் பக்கத்திலேயே கொட்டியிருந்தால், நீர்ப்பிடிப்பு முழுவதும் காய்ந்திருந்தாலும் ஆறு ஏறும். அண்ணனே சேர்த்துச் சொன்னார்: "எந்த ஏரிலயாவது கோடிய வெட்டி விட்டிருந்தாலும் ஏறுங்க சார்." வயல் மூழ்காமல் இருக்க அப்படிச் செய்பவர்கள் உண்டு. இதையும் மேலதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது ஒரே நம்பர். பதினொன்றரை மணிக்கு ஒரு மனிதருக்கு எத்தனை 'ஆனால்' தாங்கும்?

காத்திருந்திருக்கலாம் என்று பிறகு ஒருவர் சொன்னார். நியாயமான பேச்சுதான். இரவு இரண்டு மணிக்கு, அளவுகோல் இருக்கும் மேல்பாலத்தின் அளவே முடிவைச் சொல்லியிருக்கும். மண்ணைப் பற்றிய ஊகமே தேவையில்லை. ஆனால் அதற்குப் பிறகு கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். கும்மிருட்டில், மழையில், நடக்க முடியாத கிழவிகளோடு. பதினொன்றரைக்குச் சொன்னால் ஐந்து மணி நேரம். மழையை வைத்துச் சொன்னால் நேரம் கிடைக்கும், உறுதி கிடைக்காது. அளவுகோலை வைத்துச் சொன்னால் உறுதி கிடைக்கும், நேரம் கிடைக்காது. அந்த உறுதியிலும் ஒரு ஓட்டை உண்டு. அளவுகோல் சொல்வது உயரத்தை மட்டும். அதைக் கன அடியாக்கும் வளைகோடு, நீரோட்டமானி போட்டு அளந்த உயரம் வரைதான் நம்பகம். எங்கள் பாலத்தில் அது 2 மீட்டர். அதற்கு மேல் கோட்டைக் கையால் நீட்டியதுதான்.

தெருவைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். விடியற்காலையில் தண்ணீர் தரைப்பாலத்தை மூடியது, தெருமுனை வரை வந்தது, நின்றது. வீடுகளுக்குள் வரவில்லை. பின்னால் கரையில் இருந்த வண்டல் தடத்தை அளந்து போட்டதில் உச்சம் சுமார் 9,000 கன அடி.

களத்தில் அடித்துக் குவித்திருந்த ராகி, தார்ப்பாயைப் பிடிக்க ஆளில்லாமல் இரவெல்லாம் நனைந்தது. அந்த வீட்டம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினார். சில ராகி மணிகளில் வெள்ளையாக முளை கண்டிருந்தது. "தண்ணியும் வரல, ராகியும் போச்சு" என்றார்.

9,000 என்பது யார் பக்கம்? 6,600க்கும் 11,800க்கும் ஏறக்குறைய நட்ட நடு. அட்டவணையும் தோற்றது, நானும் தோற்றேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதுகூட முடியவில்லை. ஊறிய மண்ணில் 6.7 செ.மீ. பெய்திருந்தாலும் இதே 9,000 வரும். நடுத்தர மண்ணில் 9.4 செ.மீ. பெய்திருந்தாலும் இதேதான் வரும். 200 சதுர கிலோமீட்டருக்கு மூன்று மழைமானி என்றால் சராசரியில் அந்த அளவுக்குத் தவறு இருப்பது சாதாரணம். ஒரு மானிக்கு மேலே கொட்டிய மழை அடுத்த மானிக்கு நடுவே தூறலாகக்கூட இருந்திருக்கலாம். ஆகவே அண்ணன் சொன்னது சரியா, அட்டவணை சரியா என்பதை நடந்து முடிந்த வெள்ளத்தை வைத்தும் சொல்ல முடியாது. எனக்கு இதுதான் உறுத்துகிறது. வெள்ளம் வந்து போனால் விடை தெரிந்துவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மேலதிகாரி கேட்டது இதைத்தானோ என்னவோ. 48 மி.மீ. என்பது கணக்கு. 27ஐ விட்டுவிட்டு 48ஐ எடுத்தது? அதற்கு என்னிடம் இருந்தது ஓர் ஆளின் வார்த்தையும் ஒரு ஜாண் தண்ணீரும். அதைப் பயம் என்று சொல்ல மாட்டேன். கணக்கு என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் சமயம், 2ஆம் தேதி காலை வரையிலான ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற வேன்களும் கார்களும் அடித்துப்போனதை எல்லோரும் பார்த்தோம். வீட்டுக்கு வந்து அதே கணக்கை 500 மி.மீ.க்குப் போட்டுப் பார்த்தேன். காய்ந்த மண் 320 மி.மீ. அனுப்பும், நடுத்தரம் 410, ஊறியது 460. அவ்வளவு மழைக்கு மண் எப்படி இருந்தால் என்ன, எல்லா விடையும் வெளியேறு என்பதுதான். மண்ணின் ஈரம் வம்பு செய்வது நடுவாந்திர மழையில், எங்கள் 8 செ.மீ. மாதிரியான இரவுகளில்தான். அப்படிப்பட்ட இரவுகள்தான் அதிகம். அவற்றைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

செயற்கைக்கோள் ஈரப்பதம் பார்க்கலாமே என்கிறார்கள். பார்க்கிறேன். அது மேல்மண்ணின் முதல் 5 செ.மீ.யைத்தான் காட்டும். ஒரு கட்டம் எங்கள் நீர்ப்பிடிப்பில் பெரும் பங்கை விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது. நீர்வளத் துறை ஏரிகளின் கொள்ளளவுப் பட்டியலும் வருகிறது. ஆனால் அதில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள்தான் உண்டு. அண்ணன் சொன்ன ஏரிகளில் பாதி ஊராட்சி ஒன்றிய ஏரிகள், அந்தப் பட்டியலில் கிடையாது.

அதனால் இப்போது மழைக்காலக் காலைகளில் மழையளவோடு, எந்தெந்த ஏரி கோடி போகிறது, எது எவ்வளவு குறைவாக நிற்கிறது என்றும் அண்ணனிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அதை எண்ணாக மாற்றும் முறை என்னிடம் இல்லை. மேலே அனுப்பும்போது இரண்டு அளவும் போடுகிறேன், பெரியதும் சிறியதும், எத்தனை மணிக்கு மேல்பாலத்தில் எவ்வளவு ஏறினால் எது உண்மை என்பதோடு. போன மாதம் அப்படி அனுப்பியதற்கு உடனே போன் வந்தது. "இதுல எதை நான் கலெக்டர்கிட்ட சொல்றது?" என்றார்.

பெரியதைச் சொல்லச் சொன்னேன்.