குழாயெல்லாம் மூடியும் மீட்டர் ஓடியது

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு மாதம் 18 கிலோலிட்டருக்குள் வரும் காவிரித் தண்ணீர் பில், போன மாதம் 27 என்று வந்தது. ஆள் யாரும் கூடவில்லை, ஒன்பதாயிரம் லிட்டர் மட்டும் கூடியிருக்கிறது.

குழாய்களை எல்லாம் மூடிவிட்டு மீட்டரைப் பார், அசைந்தால் கசிவு என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மூடிவிட்டுப் பார்த்தேன். அசையவே இல்லை. அப்பாடா என்று உள்ளே போய்விட்டேன். அன்றைக்குத் தண்ணீர் விடும் நாளே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. லைனில் தண்ணீரே இல்லாதபோது எதைக் காட்டும் மீட்டர்?

மறுநாள் காலை தண்ணீர் வந்ததும் பார்த்தால் முள் பறக்கிறது. பதறிப்போய்க் கீழ் வீட்டு மாமாவைக் கூப்பிட்டேன். "சம்ப் ரொம்பிட்டு இருக்கு தம்பி, ஓடாம என்ன பண்ணும்?" என்றார். சரிதானே, நம் ஊர் வீடுகளில் மீட்டர் சம்ப்புக்கு முன்னால் இருக்கிறது, சமையலறைக் குழாய் வருவதோ மாடித் தொட்டியிலிருந்து. வீட்டுக்குள் எதை மூடினாலும் மீட்டருக்குத் தெரியாது. மூட வேண்டியது சம்ப்புக்குள் போகும் வால்வை, கூடவே வாசலில் இருக்கும் நேர் குழாயை.

தண்ணீர் வந்து அரை மணி நேரம் விட்டேன், ஏனென்றால் முதலில் வரும் காற்றும் முள்ளைச் சுற்றிவிடும். பிறகு வால்வை இறுக்கி, சம்ப் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். வால்வு தேய்ந்திருந்தால் மூடினாலும் தண்ணீர் போகும், அதைக் கசிவு என்று நினைத்துவிடுவோம். குழாய் வாயில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் மீட்டர் முகப்பில் இருக்கும் சின்ன முக்கோணச் சக்கரம் நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. சிவப்பு எண்களைக் குறித்துக்கொண்டு 15 நிமிடம் கழித்துப் பார்த்தேன்: 30 லிட்டர். மணிக்கு 120. ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து மணி நேரம் என்று வைத்தால் மாதம் 75 மணி நேரம், ஒன்பதாயிரம் லிட்டர். பில்லில் கூடியது அப்படியே!

ஆக, கசிவு மீட்டருக்கும் சம்ப்புக்கும் நடுவே இருக்கும் பன்னிரண்டடிக் குழாயில்தான். பைக் நிறுத்தும் இடத்தில் காம்பவுண்டு ஓரமாக மட்டும் பாசி பிடித்திருந்தது. பிளம்பர் அங்கே இரண்டு டைல்ஸைப் பெயர்த்தார். பழைய இரும்புக் குழாய் பிவிசியோடு சேரும் இடத்தில் மரை துருப்பிடித்து உதிர்ந்திருந்தது.

வால்வை மூடியதும் சக்கரம் நின்றிருந்தால் தேட வேண்டிய இடம் வேறு: சம்ப் சுவர், மாடித் தொட்டி, கழிவறை ஃபிளஷ். அதற்கு மீட்டர் உதவாது. மோட்டாரை அணைத்து, ராத்திரி தொட்டியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுக் காலையில் பார்க்க வேண்டியதுதான்.

ஜாயின்ட் மாற்றியபின், குழியை மூடவிடாமல் அடுத்த தண்ணீர் நாள் வரை வைத்திருந்து மறுபடி 15 நிமிடம் பார்த்தேன். முக்கோணம் அசையவில்லை. டைல்ஸ் மட்டும் அதே கலரில் கிடைக்கவில்லை.