வானக் குளமும் கடலடிக் கோடும்

வான்ஆன் என்பது சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில், ஷியுநிங் வட்டத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். முந்நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே ஒரு தொழில் நடக்கிறது. மனையும் சுடுகாடும் பார்க்கும் ஃபெங்சுயி ஆட்கள் கையில் வைத்திருக்கும் லுவோபான் என்ற வட்டத் திசைப்பலகையைச் செய்கிறார்கள். ஷியாமெனில் படிக்கும் என் சித்தி மகள் பழைய சீனமும் வாசிப்பாள். அவளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

பட்டறைக்குள் எண்ணெய் தடவிய மர வாசனை. ஒருவர் பலகையைத் திருப்பித் திருப்பி, மெல்லிய தூரிகையால் வளையம் வளையமாக எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிய எழுத்து. ஒரு எழுத்து பிசகினால் அந்த வளையத்தையே சுரண்டி மறுபடி எழுத வேண்டும் என்றார். ஊசிக்குக் காந்தமேற்றும் வேலை மட்டும் உள்ளே பூட்டிய அறையில் நடக்கிறது. அதை வெளியாள் பார்க்க விடுவதில்லை. பரம்பரையாக வந்த காந்தக்கல் ஒன்று உள்ளே இருக்கிறதாம்.

முடிந்த பலகை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வட்டம் 24 திசைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 15 டிகிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்தில் ஒரு பெயர். நடுவில் ஊசி இருக்கும் சின்னக் குழியை விரலால் காட்டி, "இதுக்குப் பேர் என்னன்னு கேளு" என்றேன். கேட்டுவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள்.

"வானக் குளம்னு சொல்றாரு அண்ணா. அடியில இருக்கிற சிவப்புக் கோட்டுக்குக் கடலடிக் கோடுன்னு பேராம்."

குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஊசி ஒரு கூர்முனையில் உட்கார்ந்து சுற்றுகிறது. ஆனால் பெயர் மட்டும் குளம், கடல். ஒரு காலத்தில் ஊசி தண்ணீரில்தான் மிதந்தது என்பதன் மிச்சம் அது என்றுதான் எனக்குப் படுகிறது. இந்தப் பயணம் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் தேடிக்கொண்டு போனேன் என்று சொல்லலாம்.

சீனாவில் எந்த நினைவுப்பொருள் கடைக்குப் போனாலும் வெண்கலத் தட்டின் மேல் ஒரு கரண்டி வைத்து, உலகின் முதல் திசைகாட்டி என்று விற்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சோங் என்பவர், தெற்கு காட்டும் அகப்பை ஒன்றைத் தரையில் போட்டால் அதன் பிடி தெற்கே நிற்கும் என்று ஒரு வரி எழுதினார். அதை வைத்து 20-ஆம் நூற்றாண்டில் கற்பனையாக உருவாக்கியது அந்த வடிவம். அப்படியொரு காந்தக் கரண்டி எந்த அகழாய்விலும் கிடைக்கவில்லை. நான் வாங்கவில்லை. நம்பி நிற்கக்கூடிய இடம் அதற்கு ஆயிரம் வருஷம் கழித்து வருகிறது. ஷென் குவோ என்ற அதிகாரி 1088-ஐ ஒட்டி எழுதிய குறிப்பு அது.

வித்தைக்காரர்கள் ஊசி முனையைக் காந்தக்கல்லில் தேய்க்கிறார்கள், பிறகு அது தெற்கைக் காட்டுகிறது என்று தொடங்குகிறார் ஷென் குவோ. தண்ணீரில் மிதக்கவிட்டால் தள்ளாடுகிறது. நகத்தின் மேலோ கிண்ணத்தின் விளிம்பிலோ வைத்தால் நன்றாகச் சுற்றும், ஆனால் வழுக்கி விழுந்துவிடும். எல்லாவற்றிலும் சிறந்தது, புதுப் பட்டிலிருந்து ஒற்றை இழை எடுத்து, கடுகளவு மெழுகால் ஊசியின் நடுவில் ஒட்டிக் காற்றில்லாத இடத்தில் தொங்கவிடுவது. இவ்வளவையும் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்கிறார்: ஊசி நேர் தெற்கைக் காட்டுவதில்லை, எப்போதும் கொஞ்சம் கிழக்கே சாய்கிறது.

அன்றிரவு விடுதி அறையில் செய்து பார்த்தோம். தையல் ஊசி, கடையில் வாங்கிய காந்தக்கல், மெழுகுவத்தியிலிருந்து ஒரு துளி. ஒரே பக்கமாக ஐம்பது தடவை தேய்த்தேன். முன்னும் பின்னும் தேய்த்தால் ஏறியது இறங்கிவிடும். பட்டு இழைக்கு அவளுடைய பழைய சால்வையின் ஓரத்தைப் பிரித்தோம். முறுக்கு ஏறிய நூல் என்றால் அந்த முறுக்கே ஊசியைத் திருப்பிவிடுகிறது. அவர் ஒற்றை இழை என்று ஏன் அடித்துச் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது. மெழுகு நடுவில் இல்லாவிட்டால் ஊசி ஒரு பக்கம் தொங்கும். ஏசியை நிறுத்திவிட்டு வியர்வையோடு காத்திருந்தோம். ஆடி ஆடி, ஊசி நின்றது.

கைபேசி வரைபடத்தில் ஜன்னலுக்கு வெளியே இருந்த நேரான தெருவின் கோணத்தை எடுத்து ஒப்பிட்டேன். ஊசியின் தென்முனை நேர் தெற்கிலிருந்து கிழக்கே நாலைந்து டிகிரி தள்ளி நின்றது. பூமியின் காந்தப்புலம் நிலையாக நிற்பதல்ல. நூற்றாண்டுகளில் அந்தச் சாய்வு இங்கேயும் அங்கேயும் போய் வந்திருக்கிறது. இப்போது அந்தப் பகுதியில் அது ஷென் குவோ பார்த்த பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. அவர் பார்த்ததையே நானும் பார்த்தேன் என்பதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுதிக் காட்ட முடியவில்லை.

சரி, இந்தச் சாய்வை முதலில் ஏன் மனை பார்ப்பவர்கள் கண்டுபிடித்தார்கள்? கப்பல்காரருக்குப் பகலில் சூரியன் உண்டு, இரவில் நட்சத்திரம் உண்டு, பக்கத்தில் கரை உண்டு. அப்பனைப் புதைக்கும் குழி எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதில்தான் குடும்பத்தின் எதிர்காலமே இருக்கிறது என்று நம்பியவர்களுக்குத் தெற்கு என்றால் துல்லியமான தெற்கு வேண்டும். அவர்களுக்கு எட்டுத் திசை போதவில்லை, 24 வேண்டியிருந்தது. வான்ஆன் பலகையில் அந்த 24 பெயர்களும் மூன்று வளையங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று நேராக, மற்ற இரண்டும் இடமும் வலமுமாக 7.5 டிகிரி தள்ளி. மனை பார்ப்பவர்கள் இதற்கு வானத்தையும் பூமியையும் காரணமாகச் சொல்வார்கள். வெவ்வேறு காலத்தில் ஊசி காட்டிய சாய்வுதான் அப்படிப் பலகையில் தங்கிவிட்டது என்று அறிவியல் வரலாற்றாளர் ஜோசப் நீடாம் கருதினார். எனக்கு அவர் சொல்வதே பொருத்தமாகத் தெரிகிறது.

வான்ஆனிலிருந்து ரயிலில் தெற்கே, ஃபூஜியான் மாகாணத்தின் சுவான்சோ துறைமுகத்துக்கு வந்தோம். தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பிய ஊர். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது ஊசி.

திசைப்பலகையை வைத்து மனை பார்க்கும் மரபுக்குப் பேர் போனது இந்த ஃபூஜியான்தான். கடலோடிகளுக்குப் பேர் போனதும் இதே கரைதான். ஒரே ஊரில் ஒரு தெருவில் மனைக்காரரும் அடுத்த தெருவில் மாலுமியும் இருந்தால், பலகை கைமாற எவ்வளவு நேரம் ஆகும்? இது என் ஊகம். எழுத்தில் முதலில் வருவது குவாங்சோ துறைமுகம். அங்கே அதிகாரியாக இருந்தவரின் மகன் சூ யூ 1119-ஐ ஒட்டி எழுதியிருக்கிறார்: கப்பல் வழிகாட்டிகள் இரவில் நட்சத்திரத்தையும் பகலில் சூரியனையும் பார்க்கிறார்கள், வானம் இருண்டால் தெற்கு காட்டும் ஊசியைப் பார்க்கிறார்கள். கூடவே நீளக் கயிற்றில் கொக்கி கட்டிக் கடலடிச் சேற்றை எடுத்து முகர்ந்து பார்த்து இடத்தைக் கணிப்பதையும் சொல்கிறார். அன்றைக்கு ஊசியின் இடம் அவ்வளவுதான். வானம் கைவிட்டால் மட்டும் எடுக்கும் பொருள்.

நூறு வருஷத்தில் நிலைமை மாறுகிறது. இதே சுவான்சோவில் வணிகக் கப்பல்களுக்கு அதிகாரியாக இருந்த ஜாவ் ருகுவோ 1225-இல் எழுதியபோது, மணல்திட்டும் பாறையும் நிறைந்த ஹைனான் பக்கக் கடலில் ஊசியை இரவும் பகலும் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும், மயிரிழை பிசகினாலும் உயிர் போகும் என்கிறார். 5 டிகிரி பிசகினால் நூறு கிலோமீட்டரில் கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். ஒரு திட்டில் ஏறிவிட அது போதும்.

1296-இல் கம்போடியாவுக்குப் போன தூதுக்குழுவில் இருந்த சௌ தாகுவான் கதையில் ஊசிதான் முகவரியே. சீனாவின் வென்சோ துறைமுகத்தில் கிளம்பி "திங்-வெய் ஊசி" பிடித்தோம் என்கிறார். பலகையில் திங் 195 டிகிரி, வெய் 210. இரண்டுக்கும் நடுவில் ஓட்டு என்று பொருள், அதாவது 202.5. தென்மேற்காக, இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டை நோக்கி. அப்புறம் மேக்கொங் முகத்துக்குத் திரும்பும் இடத்தில் "குன்-ஷென் ஊசி", 232.5 டிகிரி. இரண்டு எழுத்தை நடுவே பிளந்து படித்ததால் 24 திசை 48 ஆகிவிட்டது. சமாதிக்குத் திசை சொன்ன அதே எழுத்துகள்தான். தூரத்துக்கு மைல் கிடையாது. ஒரு நாளைப் பத்தாகப் பிரித்த "கெங்" கணக்கு, ஒரு கெங் 2 மணி 24 நிமிடம். ஊதுபத்தி எரிவதை வைத்து நேரம் பார்த்தார்கள்.

கூர்முனையில் சுற்றும் ஊசியை வைத்திருக்கும் மனைக்காரரின் மண் பொம்மை ஒன்று, ஜியாங்ஷி மாகாணத்தில் 1198-ஆம் ஆண்டுச் சமாதியில் கிடைத்திருக்கிறது. தரையில் அது வந்த பிறகும் சீனக் கப்பல்கள் 16-ஆம் நூற்றாண்டு வரை தண்ணீர்க் கிண்ணத்தை விடவில்லை. காரணம் எளிது. கப்பல் சாய்ந்தாலும் தண்ணீர் சாயாது. விளக்குத்திரிக்கு எடுக்கும் கோரையின் உட்தண்டு, நம்மூர் நெட்டி மாதிரி லேசாக இருக்கும். அதில் ஊசியைக் குறுக்கே குத்தி மிதக்கவிடுவார்கள்.

அப்படி ஒன்றை நானும் சுவான்சோ அறையில் ஒரு சோற்றுக் கிண்ணத்தில் மிதக்கவிட்டிருந்தேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சித்தி மகள் எனக்கு ஒரு மந்திரத்தைப் படித்துக் காட்டினாள். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்கு 1639-இல் போய்ச் சேர்ந்த ஒரு சீன மாலுமிக் கையேட்டில் இருப்பது. பயணம் தொடங்கி ஊசியைத் தண்ணீரில் இறக்கும்போது சொல்ல வேண்டியது. யாரை அழைக்கிறார்கள் தெரியுமா? கடல் தெய்வத்துக்கு முன்னால் புராணகாலத்து மஞ்சள் பேரரசரை, பழங்கால ஞானியான சௌ கோமகனை, பிறகு சமாதி சாஸ்திரத்தின் மூத்த ஆசான்களான குவோ பூவையும் யாங் ஜியுபினையும். மனைக்காரர்களின் குருபரம்பரை அப்படியே கப்பலில் ஏறியிருக்கிறது! ஊசி சடங்கை விட்டுக் கடலுக்கு வந்தது என்று படித்திருந்தேன். சடங்கையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

பட்டியல் அங்கே நிற்கவில்லை. ஊசியை நிலைநிறுத்தும் சிறுவன், ஊசியைத் திருப்பும் சிறுவன், தண்ணீர்க் கிண்ணத் தெய்வம் என்று போகிறது. "அடுத்து, தண்ணி மாத்துற சாமி" என்றாள்.

நான் கிண்ணத்தைப் பார்த்தேன். வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. தண்ணீர் மேல் தூசிப் படலம், ஊசியில் துரு. நெட்டி விளிம்புக்கு நகர்ந்து ஒட்டிக்கொண்டு, வடக்கும் தெற்கும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்த் தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து வந்தேன். ஊசியைத் துணியால் துடைத்து, கல்லில் மறுபடி தேய்த்து நடுவில் விட்டேன். மெல்லத் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் இருக்கும் பக்கத்தைத் தாண்டி, தெற்கே கொஞ்சம் கிழக்காக நின்றது.