கடன் வரம்பு கேட்கப் போகும் முன் பற்று நோட்டைப் பிரித்தேன்

பள்ளத்தூரில் என் மாமனார் நடத்திய மளிகைக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பருப்பு, மிளகாய், மசாலாச் சாமான், எண்ணெய், சர்க்கரை எல்லாம் மதுரையில் ஒரே மொத்த வியாபாரியிடமிருந்து வருகின்றன. மாமனார் காலத்தில் பேசி வைத்த ஏற்பாடு இது: 1,20,000 ரூபாய் வரை கடன், பில் தேதியிலிருந்து 15 நாள் கெடு. ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதி 1,20,000 ரூபாய்க்குப் பெரிய லோடு வரும். அடுத்த மாதம் 10ஆம் தேதி வாக்கில் 50,000 ரூபாய்க்குச் சின்ன லோடு வர வேண்டும்.

அந்தச் சின்ன லோடுதான் வருவதில்லை. முதல் லோடே வரம்பை நிரப்பிவிடும். அந்தப் பில்லை அடைத்தால்தான் அடுத்த சரக்கை ஏற்றுவார்கள். என்னால் 10ஆம் தேதிக்கு முழுப் பணத்தையும் கட்ட முடியாது, 17 ஆகிவிடும். நடுவில் ஒரு வாரம் உளுந்தும் துவரம்பருப்பும் தீர்ந்துபோகும். காரைக்குடிக்குப் போய் விலை கூடுதலாகக் கொடுத்து வாங்கி, அதே விலைக்கு விற்றிருக்கிறேன். பற்று வைத்து வாங்கும் வீட்டுக்காரர்களிடம் உளுந்து இல்லை என்று சொன்னால், அடுத்த மாதச் சிட்டையே வேறு கடைக்குப் போய்விடும்.

வரம்பை இரண்டு மடங்காக்கிக் கேட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தொலைபேசியில் கேட்டேன். "உங்கள் பில் ஒவ்வொரு மாதமும் பத்து நாள் தள்ளித்தான் அடைகிறது. இதில் வரம்பை எப்படிக் கூட்டுவது?" என்றார் அண்ணாச்சி. ஏழு நாள்தானே தள்ளுகிறது என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

அவருடைய கணக்குப்பிள்ளையிடம் ஓராண்டுப் பேரேட்டு நகல் கேட்டு வாங்கினேன். இரண்டு இரவு உட்கார்ந்து என் வரவுசெலவோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நான் காசோலை கொடுத்த தேதியை அவர்கள் எழுதுவதில்லை; வங்கியில் பணம் சேர்ந்த தேதியைத்தான் எழுதுகிறார்கள். லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்பும் காசோலை மதுரை போய்ச் சேர்ந்து பணமாக மூன்று நாள் ஆகிவிடுகிறது. என் ஏழு நாள் அவர் ஏட்டில் பத்து நாளானது இப்படித்தான். இன்னொன்று, ஒழுகிய இரண்டு எண்ணெய் டின்களைத் திருப்பி அனுப்பியதற்கு 4,860 ரூபாய் என் பெயரில் வரவு வைக்கப்படவே இல்லை. பாக்கியில் அது மாதாமாதம் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் என் பற்று நோட்டைப் பிரித்தேன். மொத்தம் 62 வீடுகள். மூன்று மாதங்களில் ஒவ்வொரு வீடும் எந்தத் தேதியில் பணம் கொடுத்தது என்று தனித்தாளில் எழுதினேன். சம்பளமும் ஓய்வூதியமும் வாங்கும் 38 வீடுகள் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுகின்றன. மற்ற 24 வீடுகளும் பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அனுப்பும் பணத்தை நம்பி இருக்கும் வீடுகள். அந்தப் பணம் 10க்குப் பிறகு வந்து, 18க்குள் என் கைக்குச் சேர்கிறது. மூன்று மாதங்களிலும் அப்படியே. யாரும் ஏமாற்றவில்லை, வியாபாரமும் படுக்கவில்லை. வரவு 18இல் முடிகிறது, கெடு 10இல் முடிகிறது. கோளாறு அவ்வளவுதான்.

அந்தத் தாளைப் பார்த்தபோது, நான் கேட்க நினைத்ததே தவறு என்று புரிந்தது. எனக்கு முதலில் வேண்டியது நாள். கெடு 25 நாளானால் பெரிய லோடின் பில் 20ஆம் தேதி அடையும். வரம்பு அதிலிருந்து தானாகவே வரும்: 10ஆம் தேதி சின்ன லோடு இறங்கும்போது பழைய பில் 1,20,000, புதிய பில் 50,000, ஆக 1,70,000. சின்ன லோடின் பில் அதற்கடுத்த மாதம் 4ஆம் தேதிதான் அடையும் என்பதால், நடுவில் 25ஆம் தேதி பெரிய லோடு வரும்போதும் அதே தொகைதான் நிற்கும். அதற்கு மேல் எனக்குத் தேவையே இல்லை. 2,40,000 கேட்டிருந்தால், கேட்டவுடனே பயந்திருப்பார்.

ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினேன். முக்கியமான பகுதி இது:

"தற்போதைய கெடு 15 நாள், வரம்பு 1,20,000. கெடுவை 25 நாளாகவும் வரம்பை 1,70,000 ஆகவும் மூன்று மாதங்களுக்குச் சோதனையாக உயர்த்தித் தர வேண்டுகிறேன். ஒரு பில் கெடு தாண்டி நின்றால் அடுத்த லோடை நிறுத்திக்கொள்ளலாம். வசூல் தேதிகளின் விவரத்தையும் கணக்கு ஒத்துப் பார்த்த தாளையும் இணைத்திருக்கிறேன்."

தாமதமானால் என்ன செய்யலாம் என்பதை நானே எழுதிக் கொடுத்ததுதான் அவரை உட்கார வைத்துப் பேசச் செய்தது என்று நம்புகிறேன். கடிதத்தை அனுப்பாமல் நேரில் கொண்டுபோனேன். கடை மூடும் நேரமாகப் பார்த்துப் போனால்தான் மனம் விட்டுப் பேச முடியும்.

அண்ணாச்சி பேரேட்டை முதலில் பார்த்தார். எண்ணெய் டின் கணக்கை அங்கேயே சரி செய்யச் சொன்னார். பிறகு, "பருப்புக்கு மில்லில் எனக்கு ஒரு வாரம்தான் தவணை, தங்கச்சி. எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பணம் கட்டினால்தான் லோடே கிளம்பும். அவை இரண்டிலும் எனக்கு நிற்பது மிகக் கொஞ்சம். அதை 25 நாள் கடனில் கொடுத்தால் வட்டியே லாபத்தைத் தின்றுவிடும்" என்றார். அவர் சொன்னது நியாயம். என் நெருக்கடியை மட்டுமே நான் கணக்குப் பார்த்திருந்தேன். அவருடைய பணம் எங்கே முடங்குகிறது என்று யோசிக்கவில்லை.

கடைசியில் இப்படி முடிந்தது. பருப்பு, மிளகாய், மசாலாச் சாமானுக்கு 25 நாள். எண்ணெயும் சர்க்கரையும் ரொக்கம். அவற்றைக் கழித்தால் பெரிய லோடில் 85,000, சின்ன லோடில் 40,000தான் கடனில் நிற்கும் என்பதால் வரம்பு 1,30,000 போதும். ரொக்கச் சரக்கை மட்டும் 25ஆம் தேதி எடுக்காமல், ஓய்வூதிய வீடுகளின் பணம் வரத் தொடங்கும் 3ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டேன்.

ஈடாகக் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலை ஒன்றைக் கேட்டார். இந்த வியாபாரத்தில் அது வழக்கம்தான். ஆனால் நாமே விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் தொகையை வேறொருவர் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை நம்முடையது. 2019இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அவரை நம்பாமல் அல்ல, நாளைக்கு எங்கள் இருவருக்கும் பிறகு யார் கையில் அந்தத் தாள் இருக்கும் என்று யோசித்துத்தான் மறுத்தேன். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு லோடு இறங்கும்போதும் அந்தப் பில்லின் தொகையும் கெடு தேதியும் எழுதி, பின்பக்கம் பில் எண்ணைக் குறித்துக் காசோலை கொடுப்பதாகச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். லாரி வழியே தாள் போய்ச் சேரும் மூன்று நாள் தாமதமும் அதோடு ஒழிந்தது.

முதல் இரண்டு மாதம் காசோலைகள் சரியாகப் பணமாகின. மூன்றாம் மாதம் ஒரு கல்யாண வீட்டிலிருந்து 28,000 வரவில்லை. பலகாரச் சரக்கு முழுவதையும் கடனில் எடுத்திருந்தார்கள். 20ஆம் தேதி காசோலை வங்கிக்குப் போகும். கணக்கில் குறைந்தால் திரும்பிவிடும். 17ஆம் தேதி காலையிலேயே அண்ணாச்சியை அழைத்து நிலைமையைச் சொன்னேன். அந்தக் காசோலையை வங்கிக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தார். அன்றே 57,000 வங்கி வழியாக அனுப்பினேன், மீதியை 26ஆம் தேதி. அதுவரை 25ஆம் தேதி லோடை அவர் ஏற்றவில்லை. கடிதத்தில் நான் எழுதிக் கொடுத்தபடியே நடந்துகொண்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. 27ஆம் தேதி சரக்கு வந்தது.

சோதனைக் காலம் முடிந்து ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. கல்யாண வீட்டுச் சரக்கை மட்டும் இப்போது இந்த வரம்புக்குள் சேர்ப்பதில்லை. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் சிட்டை எழுதுகிறேன். தீபாவளிக்கு 40,000 கூடுதலாகத் தேவைப்படும். அதை ஒரு லோடுக்கு மட்டும் தனியாகக் கேட்டு, போன ஆண்டு ஐப்பசி மாத விற்பனைத் தாளோடு அடுத்த வாரம் மதுரைக்குப் போகிறேன்.