கிணத்து மாமா சொன்னது எங்கே இருக்கிறது?

எங்கள் பள்ளி பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறது. தமிழ் மீடியம். சாலையில் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். இங்கே மழை குறைவு, கரிசல் மண் உண்டு, கிணறு பற்றிப் பேசாத வீடு கிடையாது. அதனால் போன வருடம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சமூக அறிவியல் மேளாவுக்கு "எங்கள் ஊர்க் கிணறுகள்" என்று ஓர் அறிக்கை எழுத வந்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷம். வழிகாட்டி டீச்சர் நான்தான்.

அவளுக்கு முக்கியமான தகவல் தந்தவர் நாற்பது வருடமாகக் கிணறு வெட்டுகிற ஒருவர். அவளுடைய அம்மாவுக்குத் தூரத்து உறவு. ஓணம் லீவில் அவர் வேலைக்காக வெளியூர் போயிருந்ததால் நேரில் பார்க்க முடியவில்லை. அம்மாவின் போனில் இருந்து வாட்ஸ்அப்பில் கேட்டாள். அவரும் இரவு சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாகப் பதில் சொன்னார், பாதி டைப் செய்து, பாதி வாய்ஸ் மெசேஜில்.

அறிக்கை முதல் சுற்றில் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே வரி: "லிங்க் திறந்தால் எதுவும் இல்லை. ஆதாரம் எங்கே?"

பார்த்தால், கடைசிப் பக்கத்தில் புத்தகங்கள், இணையதளங்களோடு `https://wa.me/` என்று தொடங்கும் ஒரு முகவரியை அவள் சேர்த்திருந்தாள். ஆதாரம் என்றால் லிங்க் கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். அந்த மாதிரி முகவரி நடந்த பேச்சைக் காட்டாது. அழுத்துகிறவருக்கும் அந்த எண்ணுக்கும் இடையே புதிதாக ஒரு சாட்டைத் திறக்கும், அவ்வளவுதான். அதைவிட மோசமான விஷயம், அந்த முகவரியின் பின்பாதியே அவருடைய போன் நம்பர். மேளாவில் மேசை மேல் வைக்கப்போகிற அறிக்கையில் ஒரு மனிதரின் நம்பரை அச்சடித்து வைத்திருந்தோம். முதலில் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

அப்புறம் இதை எப்படி எழுதுவது என்று முறையாகப் படித்தேன். ஆதாரம் குறிப்பதற்கு உள்ள முறைகளில் ஒன்றான ஏபிஏ முறையில் இதற்குத் தெளிவான வழி இருக்கிறது. தனிப்பட்ட கடிதம், போன் பேச்சு, சாட் போல வாசகர் போய்ப் பார்க்க முடியாதவற்றை 'தனிப்பட்ட தொடர்பு' என்று வாக்கியத்துக்குள்ளேயே சொல்ல வேண்டும். துணைநூல் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பட்டியல் என்பது வாசகர் தேடிப் போய் எடுப்பதற்கு. தேடிப் போனாலும் கிடைக்காததை அங்கே வைத்துப் பயனில்லை. எம்எல்ஏ என்ற இன்னொரு முறையில் குறுஞ்செய்தியையும் பட்டியலில் சேர்க்கலாம், யார் அனுப்பியது, யார் பெற்றது, என்ன தேதி என்று எழுதி. இரண்டில் எது என்று பள்ளி சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. லிங்க்கைத் தேடி ஏமாந்த ஒருவர் ஏற்கெனவே இருந்ததால் ஏபிஏ வழியை எடுத்தேன்.

ஆனால் அடைப்புக்குறிக்குள் பேரும் தேதியும் போட்டதோடு எனக்கு மனசு ஆறவில்லை. வாசகரால் திறக்க முடியாது என்றால், திறந்திருந்தால் எதைப் பார்த்திருப்பாரோ அதை அறிக்கைக்குள் கொண்டுவர வேண்டும். அதாவது பேச்சைப் பின்னிணைப்பாக வைக்க வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட் போதும் என்று அவள் நினைத்தாள், நானும் நினைத்தேன். அவர் பதில் சொன்ன இரவே அவள் எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் குறைகள் தெரிந்தன. மேலே தேதி இருக்க வேண்டிய இடத்தில் Today என்று இருக்கிறது. எந்த 'இன்று'? வாய்ஸ் மெசேஜ் இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கோடுகளும் 1:12 என்ற நேரமும் மட்டும். அவர் பேசியதில் ஒரு சொல்கூட இல்லை. ஆள் பெயராக அவர்கள் வீட்டுப் போனில் சேமித்திருந்த "கிணத்து மாமா" இருக்கிறது.

அதனால் மூன்று புள்ளியை அழுத்தி, More, பிறகு Export chat போய், பேச்சை எழுத்துக் கோப்பாக எடுத்தோம். Without media என்று கொடுத்தோம். முக்கியமான இடம் இப்படி வந்தது:

```
07/09/25, 7:38 pm - முருகன் துணை: மாமா 1983ல கிணறெல்லாம் வத்திடுச்சா?
07/09/25, 7:38 pm - முருகன் துணை: அப்பதான் போர் போட ஆரம்பிச்சாங்களா?
07/09/25, 7:42 pm - கிணத்து மாமா: ஆமா கண்ணு
07/09/25, 7:43 pm - கிணத்து மாமா: <Media omitted>
```

இந்த நான்கு வரியில் எத்தனை சிக்கல் இருக்கிறது பாருங்கள். "முருகன் துணை" என்பது அம்மாவின் வாட்ஸ்அப் பெயர். கேட்டது மகள். பின்னிணைப்பின் தலையில் "தாயாரின் போனிலிருந்து மாணவி கேட்டது" என்று எழுதாவிட்டால் யார் கேட்டார் என்பதே மாறிவிடும். 07/09 என்பதைச் செப்டம்பர் ஏழு என்றும் படிக்கலாம், ஜூலை ஒன்பது என்றும் படிக்கலாம்; போனின் அமைப்பைப் பொறுத்து வரிசை மாறும். ஓணம் லீவு என்பது எங்களுக்குத் தெரியும், படிக்கிறவருக்குத் தெரியாது. "7 செப்டம்பர் 2025, ஞாயிறு, இரவு" என்று எழுத்தில் எழுதினோம்.

பெரிய சிக்கல் அந்த "ஆமா கண்ணு". எந்தக் கேள்விக்கு ஆமா?

அறிக்கையில் அவள் எழுதியிருந்த வாக்கியம் இது: "1983 வறட்சியில் எங்கள் ஊர்க் கிணறுகள் அனைத்தும் வற்றின; அப்போதுதான் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன." இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஆமா என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். கோப்பை மட்டும் படிக்கிறவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். போனை வாங்கி அதே இடத்தைத் திரையில் பார்த்தேன். அவர் முதல் கேள்வியை இழுத்துப் பிடித்து, அதற்குக் கீழே பதில் போட்டிருக்கிறார். திரையில் அந்தக் கேள்வி பதிலின் தலைமேல் சின்னதாகத் தெரிகிறது. கோப்பில் அந்த இணைப்பு வரவில்லை, வரிசை மட்டும்தான் வந்தது. ஆகவே கோப்பை அச்சடித்து, திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று பென்சிலால் குறித்தோம்.

பிறகு வாய்ஸ் மெசேஜை அவளையே கேட்டு எழுதச் சொன்னேன். ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடிக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் சொன்னது இதுதான்: "எங்க தெருவுல இருந்த கெணறு நாலும் வத்திப்போச்சு கண்ணு. மத்த பக்கமெல்லாம் நான் பாக்கல. போரு வந்ததெல்லாம் அதுக்கு ரொம்ப நாளு கழிச்சுத்தான்."

அவள் எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "டீச்சர், நான் எழுதுனது தப்புங்களா?" அறிக்கையில் இருந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. ஒரு தெருவின் நான்கு கிணறு, ஊரின் கிணறு அனைத்தும் ஆகியிருந்தது. அவர் மறுத்த விஷயம் அவர் பேரிலேயே ஏறியிருந்தது. லிங்க் திறந்திருந்தாலும் இந்த வாய்ஸை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அந்த வாக்கியம் அப்படியே நின்றிருக்கும்.

பின்னிணைப்பை இப்படி அமைத்தோம். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண், மொத்தம் 14. கேள்விகளை விடவில்லை, 'ஆமா' என்ற பதிலுக்கு அர்த்தமே கேள்வியில்தான் இருக்கிறது. வாய்ஸ் இருந்த இடத்தில் "குரல் செய்தி, 1 நிமிடம் 12 விநாடி, கேட்டு எழுதியது" என்ற குறிப்பு, அதன் கீழே அவர் பேசியபடியே. 'வத்திப்போச்சு' என்பதை 'வற்றிவிட்டது' என்று திருத்த அவள் ஆசைப்பட்டாள், நான் விடவில்லை. நடுவே யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ மூன்று செய்திகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "[குடும்பச் செய்தி, 3 விடப்பட்டது]" என்று போட்டோம். சொல்லாமல் வெட்டினால் மீதியையும் வெட்டியிருப்பார்களோ என்று சந்தேகம் வரும்.

உங்கள் போனில் செய்தி தானாக அழியும் வசதி போட்டிருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று கணக்கு உண்டு. அறிக்கை எழுதி முடிப்பதற்குள் பேச்சே போய்விடலாம். எங்கள் போனில் நல்லவேளையாக அது இல்லை.

இதெல்லாம் செய்வதற்கு முன்பே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். தாமதமாகத்தான் கேட்டோம். போனில் நானே பேசினேன். "அதெல்லாம் போட்டுக்குங்க டீச்சர், பேரு மட்டும் வேண்டாமுங்க. ஒருத்தர் தோட்டத்துல வெட்டுனதப் பத்தி சொல்லிருக்கேன், அவிங்க ஏதாச்சும் நெனைப்பாங்க" என்றார். நியாயம். பேரை எடுத்துவிட்டு "கிணறு வெட்டும் தொழிலாளி, 40 ஆண்டு அனுபவம்" என்று மாற்றினோம். பேர் இல்லாதபோது இன்னொரு கேள்வி வருகிறது: அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்று எப்படி நம்புவது? அதனால் பின்னிணைப்பின் அடியில் நான் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: மூலப் பேச்சை மாணவியின் வீட்டுப் போனில் பார்த்தேன், அச்சில் உள்ளதோடு ஒப்பிட்டேன், தகவல் தந்தவரோடு பேசினேன், தேதி. அவர் பேரை என் டைரியில் மட்டும் வைத்திருக்கிறேன்.

வேறு வழியில் தெரிந்துகொள்ளக் கூடியதை அவர் வாய்ச்சொல்லில் மட்டும் நிறுத்தவும் நான் விடவில்லை. நான்கு கிணற்றில் இரண்டை மூடிவிட்டார்கள். மீதி இரண்டின் ஆழத்தைக் கயிற்றில் கல் கட்டி இறக்கி அவளும் அவள் அப்பாவும் அளந்தார்கள். அது அவள் சொந்த அளவு என்று தனியாக எழுதினாள். 1983 பற்றி அதே தெருவில் ஒரு பாட்டியிடம் நேரில் கேட்டாள். பாட்டி மூன்று கிணறு வற்றியது என்றார், நாலாவதில் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்ததாம். இரண்டையும் எழுதச் சொன்னேன். எது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை.

திருத்திய வாக்கியம் இது:

"1983 வறட்சியில் தன் தெருவின் நான்கு கிணறுகளும் வற்றியதாகவும், ஆழ்துளைக் கிணறுகள் அதற்கு வெகுகாலம் கழித்தே வந்ததாகவும் ஒரு கிணறு வெட்டும் தொழிலாளி கூறினார் (தனிப்பட்ட தொடர்பு, வாட்ஸ்அப், 7 செப்டம்பர் 2025, பின்னிணைப்பு 2, செய்தி 6, 7)."

உபஜில்லா மேளாவில் ஒரு நடுவர் அந்த இடத்தில் விரலை வைத்து, "இது யார் சொன்னது, எங்கே இருக்கு?" என்று கேட்டார். அவள் பின்னிணைப்பைத் திருப்பி ஏழாவது செய்தியைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எங்க தெருவுல இருந்த கெணறு நாலும்" என்று அந்தப் பேச்சு வழக்கிலேயே மெதுவாக வாசித்தார். பிறகு ஒரு பக்கம் முன்னால் புரட்டி, கேள்வியையும் வாசித்தார்.